எஸ்எம்பிஎஸ் எந்த எண்ணில் நிற்கும்? மலிவு யூனிட்டுகளில் ஓவர்கரண்ட், ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு

கணினிக்கு வாங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் ஓரத்தில் ஓவிபி, ஓசிபி, ஓபிபி, எஸ்சிபி என்று ஒரு வரிசை அச்சிட்டிருக்கும். முறையே ஓவர்வோல்டேஜ், ஓவர்கரண்ட், ஓவர்பவர், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்புகளின் சுருக்கம் அது. விலை குறைந்த யூனிட்டிலும் அதே வரிசைதான், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள யூனிட்டிலும் அதே வரிசைதான். பிறகு ஒரு நாள் எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. வாங்கியவருக்கு எழும் கேள்வி நியாயமானது: எல்லாப் பாதுகாப்பும் இருக்கிறது என்றுதானே போட்டிருந்தார்கள்?

இந்தக் குழப்பத்துக்குக் காரணம், இந்தப் பாதுகாப்புகளை நாம் "உண்டு, இல்லை" என்று எண்ணிக்கொள்வதுதான். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது: எத்தனை வோல்ட்டில், எத்தனை ஆம்பியரில், எத்தனை வாட்டில் யூனிட் தன்னை நிறுத்திக்கொள்ளும் என்ற எண். உள்ளே இருக்கும் பாகங்கள் தாங்கும் அளவுக்குக் கீழே அந்த எண் இருந்தால் பாதுகாப்பு வேலை செய்யும். மேலே இருந்தால், அது வேலை செய்வதற்கு முன்பே பாகம் வெடித்திருக்கும். பெட்டியில் பெயர் மட்டும் இருக்கும், எண் இருக்காது.

## அடிப்படை: வோல்டேஜை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்

எஸ்எம்பிஎஸ் 230 வோல்ட் ஏசியை முதலில் டிசியாக மாற்றுகிறது. அதன் உச்சம் சுமார் 325 வோல்ட். அந்த டிசியை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி ஒரு சிறிய டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்பி, மறுபக்கத்தில் 12, 5, 3.3 வோல்ட்டுகளாக எடுக்கிறது. எவ்வளவு நேரம் திறந்து வைப்பது, எவ்வளவு நேரம் மூடி வைப்பது என்பதைக் கட்டுப்பாட்டு ஐசி தீர்மானிக்கிறது. வெளியே வரும் வோல்டேஜ் எவ்வளவு என்ற செய்தி பின்னூட்டச் சுற்று வழியாக அந்த ஐசிக்குத் திரும்பி வருகிறது. பெரும்பாலான வடிவமைப்புகளில் ஒரு டிஎல்431 ஐசியும் ஓர் ஆப்டோகப்ளரும் இந்த வேலையைச் செய்கின்றன. வோல்டேஜ் குறைந்தால் அதிக நேரம் திற, கூடினால் குறைவாகத் திற. அவ்வளவுதான் அதன் விதி.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருக்கிறது. ஆப்டோகப்ளர் செத்துவிட்டாலோ, பின்னூட்டப் பாதையில் ஒரு சால்டர் விட்டுப்போனாலோ, "வோல்டேஜ் போதும்" என்ற செய்தி வராது. செய்தி வராததை ஐசி "இன்னும் போதவில்லை" என்றே எடுத்துக்கொண்டு முழு வேகத்தில் திறந்துவிடும். 12 வோல்ட் கம்பியில் 12 வோல்ட்டோடு நிற்க வேண்டும் என்று சொல்ல அப்போது யாரும் இல்லை. சில மில்லி நொடிகளிலேயே வோல்டேஜ் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும்.

அதனால்தான் தனியாக ஒரு காவலாளி தேவைப்படுகிறது. அதைக் கண்காணிப்பு ஐசி என்கிறோம். டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் பக்கத்தில், வெளியே போகும் வயர்களுக்கு அருகில், சின்னதாக உட்கார்ந்திருக்கும். பின்னூட்டச் சுற்றோடு சம்பந்தமில்லாமல் ஒவ்வொரு வோல்டேஜையும் தானாக அளக்கும். வரம்பு தாண்டினால் யூனிட்டை நிறுத்தி, அந்த நிலையிலேயே பூட்டிவைக்கும். மெயின் சுவிட்சை அணைத்துச் சில நொடிகள் கழித்துப் போட்டால்தான் பெரும்பாலும் பூட்டு விடும். பவர் பட்டனை அழுத்தியதும் ஃபேன் ஒரு முறை துடித்துவிட்டு நின்றுபோவதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் இந்தக் காவலாளி செய்த வேலை.

எல்லாக் கண்காணிப்பு ஐசிகளும் ஒரே அளவு பார்ப்பதில்லை. மலிவு யூனிட்டுகளில் அடிக்கடி காணக்கிடைக்கும் டபிள்யூடி7502, பிஎஸ்113 போன்ற சிறிய ஐசிகள் வோல்டேஜ் கூடுவதையும் குறைவதையும் மட்டுமே பார்க்கும். கரண்ட்டை அளக்க அவற்றில் கால்களே கிடையாது. பிஎஸ்223 போன்றவை கரண்ட்டையும் பார்க்கும், வெப்பத்துக்கும் ஒரு வழி வைத்திருக்கும். ஆக, முதல் வகை ஐசி மட்டும் இருக்கும் யூனிட்டின் பெட்டியில் ஓசிபி என்று எழுதியிருந்தால், அந்தக் கரண்ட்டை எது அளக்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

## ஓவர்வோல்டேஜ்: 12.6-க்கும் 13.4-க்கும் நடுவில் யாரும் இல்லை

கணினி எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் விதிகளின் 2.x பதிப்புகளின்படி 12 வோல்ட் என்பது 11.40-க்கும் 12.60-க்கும் நடுவில் இருக்க வேண்டும். 5 வோல்ட் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில். இது சாதாரண வேலைக்கான வரம்பு. ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு செயல்பட வேண்டிய எண் வேறு. அதே வடிவமைப்பு வழிகாட்டியில் 12 வோல்ட்டுக்கு அது குறைந்தது 13.4, அதிகபட்சம் 15.6. 5 வோல்ட்டுக்குக் குறைந்தது 5.74, அதிகபட்சம் 7.0. இவ்வளவு இடைவெளி விட்டதற்கு நியாயமான காரணம் உண்டு. கிராபிக்ஸ் கார்டின் சுமை திடீரென்று இறங்கும்போது வோல்டேஜ் ஒரு கணம் மேலே துள்ளும். அதற்கெல்லாம் கணினி அணைந்துகொண்டிருந்தால் வேலை நடக்காது.

இதன் பொருள் என்னவென்றால், எல்லாப் பாதுகாப்பும் ஒழுங்காக இருக்கும் நல்ல யூனிட்டில்கூட 12 வோல்ட் கம்பி 13 வோல்ட்டில் நின்றால் ஓவிபி வாய் திறக்காது. 5 வோல்ட் கம்பி 5.5-இல் நின்றாலும் அப்படித்தான். கட்டுப்பாடு முற்றிலும் கைவிட்டுப்போகும் நேரத்துக்கான பிரேக் அது. அன்றாடம் வோல்டேஜைச் சரியாக வைத்திருப்பது பின்னூட்டச் சுற்றின் பொறுப்பு.

மலிவு யூனிட்டுகள் சிக்குவது இந்த நடுப்பகுதியில்தான். அவற்றில் 12-உம் 5-உம் ஒரே பெரிய சுருளில் சுற்றப்பட்டு, இரண்டின் வோல்டேஜும் கலந்து ஒரே பின்னூட்டமாகப் போகும். 5 வோல்ட்டில்தான் பெரும்பகுதி சுமை இருந்த பழைய காலத்துக்கு அது பொருந்தியது. இன்றைய கணினியில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் 12 வோல்ட்டை இழுக்கின்றன, 5 வோல்ட்டில் வேலை மிகக் குறைவு. 12 தாழும்போது ஐசி அதைத் தூக்கப் பார்க்கிறது. சேர்ந்தே கட்டப்பட்டிருப்பதால் 5-உம் கூடவே ஏறுகிறது. விளையாட்டு ஓடும்போது 12 வோல்ட் 11.2-க்கு இறங்கி, 5 வோல்ட் 5.4-க்கு ஏறியிருக்கும். இரண்டுமே விதிக்கு வெளியே. ஆனால் இரண்டுமே பாதுகாப்பு எண்ணைத் தொடவில்லை. எஸ்எஸ்டியும் யுஎஸ்பி கருவிகளும் அந்த 5.4 வோல்ட்டில் மணிக்கணக்காக ஓடுகின்றன.

## ஊதா வயர்: காவலாளி பார்க்காத கதவு

ஓவர்வோல்டேஜால் போர்டு சாவதில் பழைய மலிவு யூனிட்டுகளுக்கே உரிய ஒரு வழி இருக்கிறது. செகண்ட்ஹேண்ட் எஸ்எம்பிஎஸ் வாங்குவோர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கணினி அணைந்திருக்கும்போதும் மெயின் சுவிட்ச் போட்டிருந்தால் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை என்ற சிறிய சப்ளை ஓடிக்கொண்டே இருக்கும். பவர் பட்டனைக் கவனிக்கும் பகுதிக்கு அதுதான் உணவு. 24 பின் கனெக்டரில் அது ஊதா நிற வயர். கண்காணிப்பு ஐசி பெரும்பாலும் 12, 5, 3.3 ஆகிய மூன்றை மட்டுமே பார்க்கிறது. ஊதா வயரைப் பார்ப்பதில்லை. காவலாளியே அந்த ஸ்டாண்ட்பையில் இருந்துதான் மின்சாரம் வாங்கி ஓடுகிறது.

பழைய மலிவு யூனிட்டுகளில் இந்த ஸ்டாண்ட்பை சப்ளைக்கு ஐசி வைப்பதில்லை. இரண்டு டிரான்சிஸ்டர்களும் சில உதிரிப் பாகங்களும் சேர்ந்து தாமாகவே அலைபாய்ந்து ஓடும் சுற்று அது. வோல்டேஜ் கூடிவிட்டதா என்று அறிய, ஒரு சின்ன எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரில் சேரும் வோல்டேஜை நம்பியிருக்கிறது. அது விரல் நுனி அளவுதான். இடம் எங்கே என்று பாருங்கள்: நாள் முழுக்கச் சூடாக இருக்கும் ஸ்டாண்ட்பை டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில். கணினி அணைந்திருந்தால் ஃபேனும் ஓடாது, எனவே காற்றும் வராது. ஓரிரு ஆண்டுகளில் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் உலர்கிறது. உலர உலர, உண்மையைவிடக் குறைந்த வோல்டேஜைத்தான் அது காட்டும். சுற்று அதை நம்பி மேலே தள்ளும். ஊதா வயரில் 5 என்பது 6 ஆகும், 7 ஆகும், ஒரு நாள் இரட்டை இலக்கத்துக்கும் போகும். கணினியை அணைத்துவிட்டுத் தூங்கும் வீட்டில் போர்டு இரவோடு இரவாகச் செத்துக் கிடப்பது இப்படித்தான். "நேற்று நன்றாகத்தான் ஓடியது" என்று சொல்பவர் உண்மையைத்தான் சொல்கிறார்.

இதை மட்டும் வீட்டிலேயே சோதிக்கலாம். கணினி அணைந்திருக்க, மெயின் சுவிட்ச் போட்டிருக்கட்டும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு வயரின் பின்னிலும், சிவப்பு முனையை ஊதா வயரின் பின்னிலும் கனெக்டரின் பின்பக்கமாக நுழைத்துப் பாருங்கள். முனை பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடாமல் கவனம் தேவை. 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருந்தால் சரி. 5.5 காட்டினால் அந்த யூனிட்டை அன்றே கழற்றிவிடுங்கள். அது நாளைக்குத் தானாகக் குறையப்போவதில்லை.

## ஓவர்கரண்ட்: கரண்ட்டை எப்படி அளக்கிறார்கள்

வோல்டேஜை அளக்க ஒரு கம்பி போதும். கரண்ட்டை அளக்க, அது போகும் வழியில் ஒரு சிறிய தடையை வைக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸில் அது பெரும்பாலும் ஒரு தடித்த கம்பித் துண்டு. 12 வோல்ட் தரும் மஞ்சள் வயர்கள் சால்டர் ஆகும் இடத்துக்கு அருகில் வளைவாக நிற்கும். அதன் தடை சில மில்லி ஓம் மட்டுமே. 3 மில்லி ஓம் என்று வைத்தால், 20 ஆம்பியர் போகும்போது அதன் இரு முனைக்கும் நடுவில் 60 மில்லி வோல்ட் தோன்றும். கண்காணிப்பு ஐசி அந்த 60 மில்லி வோல்ட்டைப் பார்த்து, வரம்பு தாண்டினால் நிறுத்தும்.

ஒரு கம்பித் துண்டு, கரண்ட் பார்க்கும் ஐசி, சில ரெசிஸ்டர்கள். கூடுதல் செலவு அவ்வளவுதான். ஆயினும் விலையை இறுக்கும்போது முதலில் போவது இதுதான், ஏனென்றால் இது இல்லாவிட்டாலும் கணினி ஓடும்.

பழைய ஏடிஎக்ஸ் வழிகாட்டிகள் ஒரு 12 வோல்ட் பாதையில் 240 வாட்டுக்கு மேல், அதாவது 20 ஆம்பியருக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருந்தன. 12வி1, 12வி2 என்று பல ரெயில்கள், அதாவது தனித்தனி 12 வோல்ட் பாதைகள், லேபிளில் வந்தது அதனால்தான். உள்ளே சப்ளை ஒன்றே. ஒவ்வொரு வயர் கூட்டத்துக்கும் தனிக் கம்பித் துண்டும் தனி வரம்பும் இருந்தால்தான் அது உண்மையான பல ரெயில். மலிவு யூனிட்டுகள் பலவற்றில் லேபிளில் இரண்டு ரெயில் இருக்கும், உள்ளே எல்லா மஞ்சள் வயரும் ஒரே இடத்தில் சால்டர் ஆகியிருக்கும். அச்சில் மட்டும் பிரித்த ரெயில் அது.

## ஒரு சாடா கனெக்டர் கருகும் கதை, எண்களோடு

இந்த வரம்பு எதற்கு என்று புரிய, அடிக்கடி நடக்கும் ஒரு விபத்தை எடுத்துக்கொள்வோம். பழைய நான்கு பின் கனெக்டரில் இருந்து சாடாவுக்கு மாற்றும் அடாப்டர் வயர். அதில் ஒரு வகை, வயர்களை வைத்து மேலே பிளாஸ்டிக்கை உருக்கி ஊற்றி வார்த்தது. சாடா பவர் கனெக்டரில் 15 பின்கள். பின்னுக்குப் பின் 1.27 மில்லிமீட்டர்தான். 12 வோல்ட்டின் முதல் பின்னுக்குப் பக்கத்திலேயே கிரவுண்ட் பின். வார்ப்பின்போது பின்கள் சற்று நகர்ந்திருந்தாலோ, சூட்டில் பிளாஸ்டிக் இளகினாலோ, இரண்டுக்கும் நடுவில் மெல்லக் கருகிய ஒரு பாதை உருவாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். கடத்தினால் சூடாகும், சூடானால் இன்னும் கருகும்.

இந்தப் பாதையின் தடை படிப்படியாகக் குறைவதாக வைத்துக் கணக்கிடுவோம். யூனிட் 650 வாட், ஒரே 12 வோல்ட் ரெயில், லேபிளில் 54 ஆம்பியர். கணினி அப்போது 16 ஆம்பியர் இழுக்கிறது.

1. தடை 1 ஓம். கரண்ட் 12 ÷ 1 = 12 ஆம்பியர். 144 வாட் வெப்பம், கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள். மொத்தம் 28 ஆம்பியர். எந்தப் பாதுகாப்புக்கும் இது அசாதாரணமாகத் தெரியாது. கிராபிக்ஸ் கார்டு வேலை செய்கிறது என்றே தோன்றும்.

2. தடை 0.4 ஓம். கரண்ட் 12 ÷ 0.4 = 30 ஆம்பியர். 360 வாட். மொத்தம் 46 ஆம்பியர். இன்னும் லேபிளுக்குள்தான் இருக்கிறது. கனெக்டரில் தீ பிடித்திருக்கலாம், யூனிட்டுக்குத் தெரியாது.

3. தடை 0.1 ஓமுக்குக் கீழே போனால்தான் ஏடிஎக்ஸ் வழிகாட்டி அதை ஷார்ட் சர்க்யூட் என்று அழைக்கிறது. அப்போது 120 ஆம்பியருக்கு மேல் இழுக்கப் பார்க்கும், யூனிட் உடனே நிற்கும்.

ஆக 1 ஓமுக்கும் 0.1 ஓமுக்கும் நடுவில் ஒரு குருட்டுப் பகுதி இருக்கிறது. ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு இருந்தும் வயர் எரிவது இந்தப் பகுதியில்தான். இதே இடத்தில், சாடா வயர்களுக்குத் தனியாக 25 ஆம்பியர் வரம்பு வைத்த உண்மையான பல ரெயில் யூனிட் இருந்தால், இரண்டாம் படியை எட்டும் முன்பே நின்றிருக்கும். முதல் படியை அதுவும் பிடிக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு மருந்து, வார்ப்புக் கனெக்டரை வாங்காமல் இருப்பதுதான். பின்பக்கம் மூடியைக் கழற்றினால் ஒவ்வொரு வயரும் தனித்தனியாக அழுத்திப் பொருத்தியிருப்பது தெரியும் வகை பாதுகாப்பானது.

## இருந்தும் உதவாத பாதுகாப்பு: 2021-இல் நடந்தது

மொத்த வாட்டுக்கான வரம்பு ஓபிபி. இது பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் பக்கத்தில், 325 வோல்ட்டை வெட்டும் மாஸ்ஃபெட்டுகளின் கரண்ட்டைப் பார்த்து முடிவு செய்கிறது. எண் தவறாக வைக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021-இல் ஊர் அறிய ஓர் உதாரணம் கிடைத்தது.

அது கிராபிக்ஸ் கார்டுகளுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவிய காலம். அமெரிக்காவில் நியூஎக் நிறுவனம் கார்டுகளைப் பல நேரம் வேறு பொருட்களோடு சேர்த்துக் கட்டாக விற்றது. அப்படிச் சேர்த்து விற்கப்பட்டவற்றில் கிகாபைட்டின் ஜிபி-பி750ஜிஎம், ஜிபி-பி850ஜிஎம் எஸ்எம்பிஎஸ்களும் உண்டு. அவை வெடிப்பதாகப் புகார்கள் கிளம்பின. கேமர்ஸ் நெக்ஸஸ் யூட்யூப் அலைவரிசை அவற்றைச் சோதித்து வெளியிட்டது. 2021 ஆகஸ்டில் கிகாபைட் கொடுத்த விளக்கத்தில் எண்கள் வெளிவந்தன. ஓபிபி முதலில் 120 முதல் 150 சதவீதத்தில் செயல்படும்படி வைக்கப்பட்டிருந்தது. அதை 110 முதல் 120 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டோம் என்றும், குறிப்பிட்ட சீரியல் எண்கள் கொண்டவற்றை மாற்றித் தருகிறோம் என்றும் அறிவித்தார்கள். அந்த வரம்பை ஒட்டியே நீண்ட நேரம் திரும்பத் திரும்பச் சோதித்தால் பாகங்களின் ஆயுள் கடுமையாகக் குறையும் என்பது அவர்களின் வாதம்.

750 வாட் யூனிட்டுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். பழைய அமைப்பில் அது 1125 வாட் வரைகூட நிற்காமல் போயிருக்கலாம். புதிய அமைப்பில் 900 வாட்டுக்குள் நின்றாக வேண்டும். நடுவில் இருக்கும் 225 வாட் முழுவதும் மாஸ்ஃபெட்டுகளின் தலையில் விழுகிறது. ஓபிபி இருந்தது, பெட்டியில் போட்டதும் பொய்யில்லை. பாகம் தாங்கும் எல்லைக்கு மேலே அது உட்கார்ந்திருந்தது. என் பார்வையில், நுகர்வோர் இந்த விவகாரத்தில் கற்றுக்கொள்ளக் கிடைத்த மிக முக்கியமான தகவல் அந்தச் சதவீதங்கள்தான். பொதுவாக எஸ்எம்பிஎஸ் பெட்டிகளில் அவை அச்சிடப்படுவதில்லை.

## மலிவு யூனிட் அதிக சுமையில் எப்படிச் சாகிறது

இப்போது 450 வாட் என்று லேபிள் ஒட்டிய ஒரு சாதாரண மலிவு யூனிட்டைத் திறந்து பார்ப்போம். லேபிளில் 12 வோல்ட்டுக்கு 22 ஆம்பியர் என்று போட்டிருக்கும். ஹீட்சிங்கில் திருகிய 12 வோல்ட் டையோடின் மேல் இருக்கும் எழுத்தைப் படித்தால் அது 16 ஆம்பியர் வகை என்று தெரியும். முதல் பக்கத்தில் 13007 என்ற இரண்டு டிரான்சிஸ்டர்கள். கம்பித் துண்டு கிடையாது. கண்காணிப்பு ஐசி வோல்டேஜை மட்டும் பார்க்கும் வகை, அல்லது அதுவும் இல்லாமல் எல்எம்339 என்ற பொதுவான ஒப்பீட்டு ஐசி ஒன்றை வைத்து ஒப்பேற்றியிருப்பார்கள்.

ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் இழுக்கின்றன. லேபிளுக்குள்தான் இருக்கிறது, வாங்கியவர் எந்தத் தவறும் செய்யவில்லை. டையோடோ தன் எல்லையைத் தாண்டி 4 ஆம்பியர் கூடுதலாகச் சுமக்கிறது. நிறுத்தச் சொல்லக் கரண்ட் பாதுகாப்பு இல்லை. வோல்டேஜ் 11 அளவுக்குத் தாழ்ந்தாலும் அண்டர்வோல்டேஜ் பாதுகாப்பு அசையாது, ஏனென்றால் அதன் எண் பெரும்பாலும் 10 வோல்ட்டுக்கு அருகிலோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். வெப்பத்தைப் பார்க்கும் தெர்மிஸ்டர் இருந்தால் அது ஃபேன் வேகத்தை மட்டும் கூட்டும், நிறுத்தாது. ஏப்ரல், மே மாதத்தில் சென்னையிலோ வேலூரிலோ ஏசி இல்லாத அறை 38 டிகிரியில் இருக்கும்போது, கேபினெட்டுக்குள் அதற்கும் மேல் 10 டிகிரி. மலிவு யூனிட்டின் வாட் எண்ணோ, 25 டிகிரி அறையை மனதில் வைத்துப் போடப்பட்டதாக இருக்கும்.

டையோடு பொதுவாக ஷார்ட் ஆகித்தான் போகும். அப்போது டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கம் ஷார்ட் ஆனது போல் ஆகிறது. 13007-கள் அதைத் தாங்காமல் வெடிக்கும், பின்னாலேயே ஃப்யூஸ் போகும். ஒரு சத்தம், கருகிய வாடை, அத்துடன் முடியும். இந்த வழியில் போனால் போர்டு பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் எந்த வழியில் போகும் என்று தேர்வு செய்யும் எதுவும் அந்த யூனிட்டுக்குள் இல்லை. பின்னூட்டப் பாதையில் இருக்கும் ஒரு பாகம் சூட்டில் முதலில் போனால், முதலில் சொன்ன கட்டுப்பாடற்ற ஓவர்வோல்டேஜ் வரும்.

ஃப்யூஸ் இருக்கிறதே என்று சிலர் நினைப்பதுண்டு. ஃப்யூஸ் மெயின் பக்கத்தில் இருக்கிறது. டிரான்சிஸ்டர் வெடித்த பிறகு வீட்டு வயரிங்கைக் காப்பாற்ற வைத்தது அது. வெளியே போகும் 12 வோல்ட்டில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் போன ஃப்யூஸுக்குப் பதில் பெரிய ஆம்பியர் ஃப்யூஸோ செம்புக் கம்பியோ போட்டு ஓட்டப் பார்ப்பது மிக ஆபத்தான காரியம்.

## "இந்த எஸ்எம்பிஎஸ் ஆன் ஆகவில்லை, அந்தப் பழையது ஆன் ஆகிறது"

சர்வீஸ் கடைகளில் அடிக்கடி நடக்கும் ஒன்று. நல்ல யூனிட் போட்ட கணினி ஆன் ஆகவில்லை. ஃபேன் துடித்து நிற்கிறது. மெக்கானிக் ஒரு மலிவு யூனிட்டை மாட்டிப் பார்க்கிறார், ஆன் ஆகிறது. "உங்க எஸ்எம்பிஎஸ்தான் போச்சு" என்று முடிவு செய்கிறார்.

பல நேரம் நடந்திருப்பது வேறு. போர்டில் ப்ராசஸருக்கு வோல்டேஜ் கொடுக்கும் மாஸ்ஃபெட்டுகளில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும். 12 வோல்ட் நேராகக் கிரவுண்டுக்குப் போகப் பார்க்கிறது. நல்ல யூனிட் அதைச் சில மில்லி நொடியில் உணர்ந்து நின்றுவிட்டது. வரம்பு இல்லாத யூனிட் அந்தக் கரண்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. சில நொடிகளில் ப்ராசஸர் சாக்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்து புகை வரும். சோதனைக்கு முன் இருந்தது 20 ரூபாய் மாஸ்ஃபெட் பிரச்சினை. சோதனைக்குப் பின் போர்டின் அடுக்குகளே கருகி, சில சமயம் ப்ராசஸரும் போயிருக்கும்.

இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ப்ராசஸருக்கு வரும் 4 அல்லது 8 பின் கனெக்டரைக் கழற்றி, போர்டில் அந்தச் சாக்கெட்டின் 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். ஓரிரு ஓம் அல்லது அதற்கும் கீழே காட்டினால் கோளாறு போர்டில் இருக்கிறது. அணைந்து நின்ற எஸ்எம்பிஎஸ் தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

## வாங்கும்போது திறக்காமல் எதைப் பார்க்கலாம்

உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், அணைத்த பிறகும் சில நேரம் இருக்கும். அதனால் பழக்கம் இல்லாதவர் மூடியைத் திறக்க வேண்டாம். லேபிளே போதுமான அளவு பேசும்.

1. 12 வோல்ட் ஆம்பியரை 12-ஆல் பெருக்கி, மொத்த வாட்டோடு ஒப்பிடுங்கள். 450 வாட் யூனிட்டில் 12 வோல்ட்டுக்கு 36 ஆம்பியர் இருந்தால் 432 வாட், ஏறத்தாழ முழுவதும் 12 வோல்ட்டில் கிடைக்கிறது. 18 ஆம்பியர் என்றால் 216 வாட்தான். மீதி, இன்றைய கணினி அதிகம் தொடாத 5-உம் 3.3-உம் தருவதாகச் சொல்வது. இப்படிப் பிரித்திருக்கும் யூனிட் பெரும்பாலும் பழைய ஒற்றைச் சுருள் வடிவமைப்பு.

2. பின்புறம் 115/230 என்று தள்ளும் சிவப்பு சுவிட்ச் இருந்தால் அதுவும் பழைய வடிவமைப்புதான். 230 வோல்ட் ஊரில் அது தவறுதலாக 115-க்குப் போனால், போட்ட நொடியில் கெப்பாசிட்டர்கள் வெடிக்கும்.

3. அந்த மாடலை, வேண்டிய அளவு சுமை கொடுக்கும் எலக்ட்ரானிக் லோடு கருவி வைத்துச் சோதித்த விமர்சனம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் 12 வோல்ட்டின் ஓசிபி, ஓபிபி எத்தனை சதவீதத்தில் செயல்பட்டது என்று அட்டவணை இருக்கும். 120, 130 சதவீதம் என்றால் நம்பலாம். 150-ஐத் தாண்டினாலோ, நிற்காமல் போய் யூனிட் செத்தாலோ விட்டுவிடுங்கள்.

யூனிட்டை ஆன் செய்யும் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பியால் இணைத்து, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் சோதனை கடைகளில் வழக்கம். யூனிட் தொடங்குகிறது என்பதை மட்டும் அது காட்டும். இந்தக் கட்டுரையில் சொன்ன எந்த எண்ணையும் அது தொடுவதில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் வெளியே சுமையே இல்லை.